அவசரம்: கூட்டக் குறிப்பில் ‘என்று’ எங்கே வரணும்?

பி பிளாக்
குடியிருப்போர் சங்கக் கூட்டக் குறிப்பு எழுதினது நான். ‘கூறியதாக என்று தெரிவித்தார்’னு ஒரு வரி, அதை வச்சுப் பெரிய சண்டை. ‘என்று’ தப்பான இடத்தில் இருக்காம். எங்கே போடணும்? ராத்திரிக்குள் திருத்தி அறிவிப்புப் பலகையில் ஒட்டணும்.

ஒற்றுப்பிரியன்
ஒற்றுதான் விட்டுப்போயிருக்கிறது. ‘என்றுத் தெரிவித்தார்’ என்று போடுங்கள், சரியாகிவிடும்.

கயல்
இல்லைங்க, ‘என்று’வுக்குப் பின்னால் வல்லினம் மிகாது. ‘எனத் தெரிவித்தார்’, ‘கூறியதாகத் தெரிவித்தார்’ இரண்டிலும் மிகும். பி பிளாக், முழு வரியையும் போடுங்க. யார் சொன்னது, யார் தெரிவிச்சது?

வழுதி
பாதி வாக்கியத்தைக் கொடுத்துவிட்டு இலக்கணம் கேட்கிறார்கள். நேர்க்கூற்று, அயற்கூற்று பள்ளியில் படித்ததுதானே? ‘வருவேன் என்று சொன்னான்’ நேர்க்கூற்று, ‘வருவதாகச் சொன்னான்’ அயற்கூற்று. ‘ஆக’ வந்த இடத்தில் ‘என்று’ வராது. ஒன்றை அடியுங்கள், முடிந்தது.

சுமதி அம்மா
என் மகளுக்கும் இதே பிரச்சினை. ‘“எங்கே போகிறாய்?” என்று அப்பா கேட்டார்’ என்பதை மாற்றச் சொன்னார்கள். ‘எங்கே போவதாக அப்பா கேட்டார்’ என்று எழுதினாள், மதிப்பெண் போச்சு. வழுதி ஐயா சொன்ன மாதிரிதானே மாற்றினாள்?

கயல்
கேள்விக்கு ‘ஆக’ ஒத்துவராதுங்க அம்மா. அங்கே ‘என்று’ இருந்தே ஆகணும்: ‘அவள் எங்கே போகிறாள் என்று அப்பா கேட்டார்.’ ஏவலாக இருந்தால் ‘கதவைச் சாத்தும்படி சொன்னார்’னு வரும்.

பி பிளாக்
முழு வரி இதுதான்:
‘செயலாளர், நானே நாளை தொட்டியைச் சுத்தம் செய்து தருகிறேன் என்று ஒப்பந்ததாரர் கூறியதாக என்று தெரிவித்தார்.’
செயலாளரே தொட்டி கழுவுவதாகச் சொன்னாருன்னு நாலு வீட்டில் பிடிச்சுக்கிட்டாங்க.

கயல்
அவங்க அப்படிப் படிச்சதில் ஆச்சரியமே இல்லை. ‘செயலாளர்’ முடிந்த கையோடு ‘நானே’ வருது, மேற்கோள் குறியும் இல்லை. ஒப்பந்ததாரர் வர்றதுக்குள்ளே படிக்கிறவர் முடிவு பண்ணிடுவார். முதல் ‘என்று’ சரியாகத்தான் சொன்ன பேச்சை ஒட்டி நிற்குது. இடம் மாற வேண்டியவர் செயலாளர், அவரைத் ‘தெரிவித்தார்’ பக்கத்துக்குக் கொண்டுபோங்க. ஒப்பந்ததாரர் எந்தத் தேதி சொன்னார், கூட்டம் எப்போ?

பி பிளாக்
அவர் போனில் சொன்னது 13. கூட்டம் 14.

கயல்
அப்போ அவருடைய ‘நாளை’ 14, கூட்டம் நடந்த அதே நாள். குறிப்பைப் படிக்கிறவங்களோ 15னு நினைப்பாங்க. ‘என்று’ போட்டு எழுதினால் சொன்னவருடைய ‘நான்’, ‘நாளை’ அப்படியே நிற்கும். அதனால் தேதியையே போட்டு இப்படி எழுதுங்க:
‘ஒப்பந்ததாரர் தாமே 14ஆம் தேதி தொட்டியைச் சுத்தம் செய்து தருவதாகக் கூறினார் என்று செயலாளர் தெரிவித்தார்.’
இரண்டு பேர் பேச்சு ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கு. உள்ளே இருப்பதற்கு ‘ஆக’, வெளியே இருப்பதற்கு ‘என்று’. ஒரே பேச்சுக்கு இரண்டையும் போட்டதுதான் உங்க வரியில் இடறுது.

ஒற்றுப்பிரியன்
‘தாமே’ எதற்கு? ‘தானே தருகிறேன் என்று’ எழுதினாலே போதுமே.

வழுதி
அது பிழை. ‘தான்’ படர்க்கை, ‘தருகிறேன்’ தன்மை. எழுவாயும் பயனிலையும் இசையவில்லை. அடிப்படை தெரியாமல் திருத்த வரக்கூடாது.

ஒற்றுப்பிரியன்
‘தான் வரேன்னு சொன்னான்’ என்று ஊரே பேசுகிறது, நீங்களும் பேசுவீர்கள். ‘தான் வருவான்னு சொன்னான்’ என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

வழுதி
பேச்சு வேறு, எழுத்து வேறு. எழுத்தில் ‘நான் வருகிறேன் என்று’ அல்லது ‘தான் வருவதாக’. மூன்றாவது வழி இல்லை.

கயல்
வழுதி ஐயா, ‘ன்னு’ போட்டுப் பேசும்போது அவன் பேச்சு பாதி, நம்ம பேச்சு பாதியாகக் கலந்துதான் வருது. ‘தான்’ நம்ம பக்கத்துச் சொல், ‘வரேன்’ அவன் வாயில் வந்தது. பரீட்சையில் எழுத வேண்டாம், சரி. அதைத் தமிழே இல்லைன்னு என்னால் தள்ள முடியாது.

சுமதி அம்மா
‘எங்கே போகிறாள் என்று’ எழுதினால் அது அயற்கூற்றா? ‘என்று’ வந்தால் நேர்க்கூற்று என்று மேலே ஐயா சொன்னாரே?

கயல்
‘போகிறாய்’ ‘போகிறாள்’னு மாறியிருக்கே அம்மா, அதைப் பாருங்க. ‘என்று’ இரண்டிலும் வரும். அதை மட்டும் வச்சுப் பிரிக்க முடியாது.

வழுதி
கேள்விக்கு மட்டும் விதிவிலக்கு. பொதுவிதி நான் சொன்னதே.

பி பிளாக்
கயல் எழுதித் தந்ததை ஒட்டியாச்சு. செயலாளர் ‘தாமே’வை எடுத்துடச் சொன்னார், எடுத்துட்டேன். நன்றி.

கயல்
எடுத்ததால் கெடுதல் இல்லை. ஆனால் அவரே செய்வாரா, ஆள் அனுப்புவாரான்னு யாராவது கேட்டால் குறிப்பில் பதில் இருக்காது. அதையும் அவங்ககிட்ட சொல்லி வைங்க.