'கட்டிங் லாஸ்': வெட்டுக்கழிவா, வெட்டிழப்பா, சேதாரமா?

மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். குளியலறைச் சுவரில் கூரைவரை டைல்ஸ் ஒட்டுவது பற்றி ஒரு கையேடு எழுதுகிறேன். பார்டருக்குக் 'கரைப்பட்டை', சுவரில் குடையும் நிச்சுக்கு 'மாடம்' என்று வைத்துவிட்டேன். டைலை வெட்டும்போது வீணாகும் 'கட்டிங் லாஸ்'தான் இடிக்கிறது. 'வெட்டுக்கழிவு' சரிவருமா?

தமிழாசிரியர்:
வேண்டாம். கழிவு என்றால் தள்ளுபடியும்தான். குளியலறையில் அந்தச் சொல் வேறெதையோ நினைவூட்டும்! 'வெட்டிழப்பு' போதும். பரப்பைக் கணக்கிட்டு, மாடத்தைக் கழித்து, 10 விழுக்காடு கூட்டினால் தீர்ந்தது.

டைல்ஸ் ஒட்டுபவர்:
ஐயா, அந்தக் கணக்கில்தான் வேலை பாதியில் நிற்கும். 1500 மி.மீ. அகலம், 2400 உயரமுள்ள ஒரு சுவர். 300க்கு 600 டைலைப் படுக்கவைத்து ஒட்டுகிறோம், டைல்களுக்கு நடுவே வரும் இடுக்கைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். 75 மி.மீ. கரை போக, பரப்புப்படி 19.4 டைல். பத்து விழுக்காடு சேர்த்தால் 22.

வரிசைக்கு இரண்டரை டைல், எட்டு வரிசை. கடைசி வரிசையை 225 உயரத்துக்கு வெட்டணும். மிஞ்சும் 75 மி.மீ. கீற்று எதற்கும் ஆகாது. கரை இல்லாவிட்டாலும் இதே எட்டு வரிசைதான், அதாவது கரை ஒரு டைலைக்கூட மிச்சப்படுத்தவில்லை.

அரை டைல்தான் சிக்கல். வெறும் நிறமென்றால் மீதிப் பாதியைத் திருப்பிப் போட்டு, வெட்டிய விளிம்பை மூலைக்குள் மறைத்துவிடலாம், 20 போதும். ஒரே திசையில் ஓடும் பூவேலை என்றால் திருப்பினால் தலைகீழாகும். பாதி வீண், 24 வேண்டும்.

மாடத்தைக் கழிக்கவும் கூடாது. டைல் கோட்டோடு 600க்கு 300 மாடம் வைத்தால் முகப்பில் ஒன்று மிஞ்சும். ஆனால் பின்புறத்துக்கு ஒன்று, நான்கு பக்கங்களுக்கு இன்னொன்று போகும். அதுவும் ஆழம் 95 மி.மீ.க்குள் இருந்தால்தான். கோடு தவறினால் நான்கு டைலில் மூலை வெட்டணும், அந்த மூலையில்தான் விரிசல் விடும்.

ஆகவே இரண்டு சொல் வேண்டும். மறுபடி ஒட்டக்கூடியது 'வெட்டுமிச்சம்', தூக்கிப்போடுவது 'சேதாரம்'.

வீடு கட்டுகிறவர்:
எங்களுக்கு இரண்டு பெட்டி குறைந்தது. பிறகு வாங்கியது ஒரு சாயல் வெளுப்பு. அதுவும் சேதாரம்தானே?

டைல்ஸ் ஒட்டுபவர்:
இல்லைங்க, அது தயாரிப்புத் தொகுதி மாறியதால் வந்த நிற வேறுபாடு. சேதாரத்தைக் குறைத்துப் போட்டதன் விளைவு வேண்டுமானால் சொல்லலாம். பெட்டியில் தொகுதி எண் இருக்கும், வாங்கும்போதே பாருங்கள்.

தமிழாசிரியர்:
இரண்டாகப் பிரித்தது நல்லது, மாடக் கணக்கையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சேதாரம் பொற்கொல்லர் சொல்லாயிற்றே?

டைல்ஸ் ஒட்டுபவர்:
அங்கேயும் வேலையில் போகிறதைத்தானே சொல்கிறார்கள்?

மொழிபெயர்ப்பாளர்:
'வெட்டுமிச்சம்' எடுத்துக்கொண்டேன். மற்றதற்கு இப்போதைக்கு 'வெட்டுச் சேதாரம்'. கையில் உடைவதையும் இதில் சேர்ப்பதா, 'உடைசல்' என்று தனியே வைப்பதா?