கிளுவை வேலியும் மயிலைக் காளையும்: படத்தில் மாட்டை எங்கே நிறுத்துவது?

காங்கேயம் அருகிலிருந்து, தொடங்கியவர்

எங்கள் கொறங்காட்டில் மேயும் மயிலைக் காளையைச் சென்ற வாரம் காலையில் கைபேசியில் படம் எடுத்தேன். திரையை மூன்று மூன்றாகப் பிரிக்கும் கட்டக் கோடுகளை வரவைத்து, வலப்பக்கக் கோட்டின் மேல் காளை சரியாக நிற்கும்படி பார்த்துக்கொண்டேன். இடப்பக்கத்திலிருந்து கிளுவை வேலி உள்நோக்கி நீளமாக ஓடியது. மூன்றில் ஒரு பங்கு விதியும் இருக்கிறது, பார்வையை இழுத்துச் செல்லும் கோடும் இருக்கிறது என்று நிறைவாகத்தான் வீட்டுக்கு வந்தேன். படத்தை அப்பாவிடம் காட்டியபோது அவர் முதலில் கேட்டது, "கடவில் படல் திறந்து கிடக்கிறதே, யார் திறந்துவிட்டது?" என்பதுதான். காளை அதன் பிறகே அவர் கண்ணில் பட்டது. வேலிக் கடவை அடைக்கும் அந்தப் படல் படத்தில் ஒரு நகத்தளவுகூட இல்லை. காளையோ பாதிப் படத்தை நிறைத்து நிற்கிறது. எங்கே தவறினேன் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். இப்படி உங்களுக்கு நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

திருப்பூரிலிருந்து

காளை வலப்பக்கக் கோட்டின் மேல் இருந்தால் மட்டும் போதாது. அதன் கண், கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளியில் இருக்க வேண்டும். நான் எடுக்கும் எல்லாப் படங்களிலும் இதைக் கடைப்பிடிக்கிறேன். காளையும் இடப்பக்கம் பார்த்து நிற்க வேண்டும். அப்போதுதான் அதன் பார்வைக்கு முன்னால் இடம் இருக்கும். நடுவில் எதையும் வைக்கவே கூடாது.

பொள்ளாச்சியிலிருந்து, இருபது ஆண்டுகளாகத் தொழில்முறைப் படமெடுப்பவர்

தம்பி, உங்கள் அப்பாவின் கண் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. வேலி உங்கள் படத்தில் ஒரு வழியைப் போட்டுக் கொடுத்தது. அந்த வழி படலில் போய் முடிந்தது. அவர் அங்கே போய்ச் சேர்ந்தார். கோடு காளையை நோக்கிப் போகவே இல்லை.

இதே பிழையை என் மாமாவைத் தென்னந்தோப்பில் படம் எடுத்தபோது நானும் செய்தேன். எங்கள் தோப்பில் 25 அடிக்கு 25 அடி இடைவெளியில் மரங்கள் நிற்கின்றன. நான் இரண்டு வரிசைகளுக்கு நடுவே நின்றுகொண்டு, மாமாவை அடுத்த பத்தியில் நிறுத்தி, அவரை மூன்றில் ஒரு பங்குக் கோட்டுக்குக் கொண்டுவந்தேன். மரங்கள் எல்லாம் குவிந்தது என் பத்தியின் கடைசியில் தெரிந்த வெற்று வெளியில். படத்தில் மாமா வழி கேட்க வந்தவரைப் போல ஓரமாக நின்றார். ஒரு திசையில் இணையாக ஓடும் கோடுகள் எல்லாம், நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து அதே திசையில் நேராகப் பார்த்தால் தெரியும் ஒரே புள்ளியில்தான் குவியும். கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தப் புள்ளியும் அதற்கு முன்னால் நிற்பவரும் சேர்ந்தேதான் நகர்வார்கள். ஆகவே அவர்களுக்கு இடையிலான விலகலைத் திருப்பிச் சரிசெய்ய முடியாது. நடந்துதான் சரிசெய்ய வேண்டும்.

உங்கள் காட்டில் அளவு எளிது. காளை வேலியிலிருந்து எத்தனை அடி தள்ளி நிற்கிறதோ, அத்தனை அடி தள்ளி நீங்களும் நில்லுங்கள். அப்போது வேலி குவியும் புள்ளி காளைக்கு நேர் பின்னால் வந்துவிடும். அதன் பிறகு கைபேசியை இடப்பக்கமாகத் திருப்பினால் காளையும் குவிபுள்ளியும் ஒன்றாக வலப்பக்கக் கோட்டுக்கு நகரும். முதலில் காலால் இடம் பிடித்துவிட்டு, பிறகுதான் கட்டத்தைப் பார்க்க வேண்டும். நீங்கள் வரிசையை மாற்றிச் செய்துவிட்டீர்கள்.

திருப்பூர்த் தம்பி சொல்லும் வெட்டுப் புள்ளியைப் பற்றி ஒன்று. 1797-இல் இந்த விதியை எழுத்தில் வைத்த ஜான் தாமஸ் ஸ்மித் என்னும் ஆங்கில ஓவியர் பேசியது ஒளிக்கும் நிழலுக்கும், நிலத்துக்கும் வானத்துக்கும் எவ்வளவு பங்கு கொடுப்பது என்பதைப் பற்றித்தான். ஒவ்வொரு கண்ணையும் ஒரு புள்ளியில் ஆணி அடித்தாற்போல் நிறுத்துவது அந்த விதியின் உயிர் அன்று.

பவானியிலிருந்து

நான் ஜமுக்காளம் விற்பனைக்காகப் படம் எடுக்கிறேன். எங்கள் ஜமுக்காளம் முழுவதும் பட்டைக் கோடுகள்தான். நீங்கள் சொல்லும் வழிகாட்டும் கோடு அதிலேயே இருப்பதால், நான் சாய்வாக விரித்து எடுத்தேன். பார்த்தவர்கள் கரையையும் நெசவையும் விட்டுவிட்டுப் பின்னால் இருந்த சுவரைப் பற்றிக் கேட்கிறார்கள். என்ன செய்வது?

பொள்ளாச்சியிலிருந்து

அம்மிணி, உங்களுக்குக் கோடே பொருள். அது எங்கும் அழைத்துச் செல்லத் தேவையில்லை. சாய்வாக விரித்தால் பட்டைகள் பார்வையைத் துணிக்கு வெளியே கொண்டுபோய்விடும். மேலிருந்து, பட்டைகள் படத்தின் விளிம்புக்கு இணையாக இருக்கும்படி எடுத்துப் பாருங்கள். நெசவின் புடைப்பு தெரியப் பக்கவாட்டு வெளிச்சம் வேண்டும். அதை எப்படி அமைப்பது என்பதைத் துணி எடுப்பவர்கள் யாராவது சொன்னால் நல்லது.

ஈரோட்டிலிருந்து

நடுவில் எதையும் வைக்கக் கூடாது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. என் தங்கையின் திருமணத்தில், இருபுறமும் தூண்வரிசை உள்ள மண்டபத்தில் மணமக்களை நடுவில் நிறுத்தினேன். அங்கே அவர்களை ஓரத்தில் வைத்திருந்தால் தூண்கள் வீணாகியிருக்கும். ஆனால் முதல் பத்துப் படங்களும் கோணலாகவே வந்தன. இடப்பக்க முதல் தூண் பருத்தும், வலப்பக்கத் தூண் விளிம்பில் பாதியாகவும் தெரிந்தது. பிறகு நடுத்தரையில் கற்கள் சேரும் இணைப்பைப் பார்த்து அதன் மேல் நின்றேன். கோணல் குறைந்தது, முழுதாகப் போகவில்லை. கடைசியில்தான் புரிந்தது: நடுவில் நின்றது என் உடம்பு, கைபேசியின் லென்ஸ் அதன் ஒரு மூலையில் இருக்கிறது. அந்த லென்ஸ் இணைப்புக்கு நேர் மேலே வரும்படி கையை நகர்த்தியதும், மிச்சமிருந்த சிறு வேறுபாடும் போயிற்று. பழைய பத்தில், நின்ற இடம் சரியாக இருந்து கைபேசி மட்டும் திரும்பியிருந்த இரண்டைக் கணினியில் நிமிர்த்திவிட்டேன். இடம் விலகி எடுத்தவற்றில், முன்தூணுக்குப் பின்னால் மறைந்த தூணை எந்தத் திருத்தத்தாலும் வெளியே கொண்டுவர முடியவில்லை.

காங்கேயம் அருகிலிருந்து, தொடங்கியவர்

பொள்ளாச்சி அண்ணன் சொன்னபடி இன்று காலையில் செய்து பார்த்தேன். காளையை வேலியிலிருந்து 14 அடியில் முளையடித்துக் கட்டினோம். சென்ற வாரம் நான் வேலியை ஒட்டி, ஏறத்தாழ 4 அடியில் நின்றிருக்கிறேன். என் கால்தடம் அங்கேயே இருந்தது. இம்முறை நானும் 14 அடி தள்ளி, காளைக்கு 20 அடி முன்னால் நின்றேன். வேலி இடப்பக்க விளிம்பில் நுழைந்து காளையின் விலாவை நோக்கி ஓடியது. கடவும் படலும் அதன் உடலுக்குப் பின்னால் மறைந்துவிட்டன.

ஆனாலும் காளை குட்டையாகத் தெரிந்தது. நின்றபடி எடுத்ததால் தொடுவானம் என் கண் உயரத்தில், திமிலுக்கும் மேலே ஓடி, காளையின் முதுகு முழுவதும் காய்ந்த கொழுக்கட்டைப் புல்லோடு கலந்துவிட்டது. வேலியும் என் உயரத்துக்குச் சற்றேறக்குறையச் சமம் என்பதால் அதன் மேல்விளிம்பு சரிவே இல்லாமல் மட்டமாகக் கிடந்தது. முழங்காலிட்டு எடுத்தபோது தொடுவானம் வயிற்றளவுக்கு இறங்கியது. கறுத்த திமிலும் கொம்பும் வானத்தில் தனியாக நின்றன. வேலியின் மேல்விளிம்பு கீழ்நோக்கியும் அடிப்பகுதி மேல்நோக்கியும் சரிந்து காளையிடம் வந்து சேர்ந்தன. இரண்டு படத்தில் தூரத்துப் பனை ஒன்று கொம்புகளுக்கு நடுவே முளைத்தது. அரை அடி நகர்ந்து அதை விலக்கினேன்.

காளை எந்தப் பக்கம் பார்ப்பது என்பதில்தான் வீட்டில் ஒருமனப்படவில்லை. வேலிப்பக்கம் பார்க்கும் படத்தை அப்பா எடுத்து வைத்துக்கொண்டார். தலையை வலப்பக்கம் திருப்பி, படத்துக்கு வெளியே எதையோ கவனிக்கும் படம்தான் உயிரோடு இருக்கிறது என்கிறாள் என் அக்கா.

திருப்பூரிலிருந்து

வலப்பக்கம் பார்க்கும் படத்தையும் இங்கே இடுங்கள் அண்ணா. பார்த்த பிறகு சொல்கிறேன்.