பாக்கெட்டில் வீடுவரை வந்த தாள்

தாமரைமொட்டு

சிங்கப்பூரில் தாதிமை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். போன மருத்துவமனை அட்டாச்மென்ட் அறுவை வார்டு. நடந்து மாதம் மூன்றாகிறது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

அன்று எனக்கு ஆறு பேர். காலையில் ஷிஃப்ட் மாறும் பாஸ் ரிப்போர்ட் நேரத்தில் எல்லாரும் செய்வதுபோல ஏ4 தாளை எட்டாக மடித்து, கட்டத்துக்கு ஒரு படுக்கை என்று குறித்துக்கொண்டேன். பெயர் எழுதவில்லை, அடையாள அட்டையின் ஐசி நம்பர் எழுதவில்லை. 14ஆம் படுக்கைக் கட்டத்தில் இருந்தது இவ்வளவுதான்: பெண், 52, சர்க்கரை, வலது காலில் மூன்று விரல் எடுத்து 2ஆம் நாள், சர்க்கரை அளவு பார்க்கும் ஹைப்போகவுண்ட் 4 வேளை, தேக்கா பூக்கடை, மகனுக்குச் சொல்ல வேண்டாம். கடைசி இரண்டும் என் ஞாபகத்துக்காக எழுதியவை. மகன் தேசிய சேவையில் அடிப்படைப் பயிற்சியில் இருந்தார். பயிற்சி முடியும்வரை அவருக்குத் தெரிய வேண்டாம் என்று அந்த அம்மா என்னிடம்தான் கேட்டுக்கொண்டார்.

தாள் பேன்ட் பாக்கெட்டிலேயே வீட்டுக்கு வந்துவிட்டது. துணி துவைக்க எடுத்த என் அம்மா அதைப் படித்திருக்கிறார். வெள்ளிக்கிழமைதோறும் அவர் பூ வாங்கும் கடை ஒரு வாரமாக மூடிக் கிடக்கிறது. அப்புறம் என்ன, புரிந்துவிட்டது.

மறுநாள் பார்வை நேரத்தில் நான் இன்டேக் அவுட்புட் எழுதிக்கொண்டிருக்கிறேன், 14ஆம் படுக்கை பக்கத்தில் என் அம்மா நிற்கிறார். கையில் பழப்பை. நல்ல மனதோடுதான் வந்தார். "கால்ல விரல் எடுத்துட்டாங்களாமே, மக எழுதி வச்சிருந்தா" என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. அந்த அம்மா என் தாயின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தார். திட்டவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலை ஹைப்போகவுண்ட் எடுக்கப் போனபோது விரலை நீட்டிவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, "நாளைக்கு வேற யாராச்சும் வருவாங்களா?" என்றார்.

பயிற்றுநரிடம் நானே சொன்னேன், அறிக்கை எழுதினார்கள், தாள் துண்டாக்கும் இயந்திரத்துக்குப் போனது. நீங்கள் எல்லாம் தாளில் என்ன எழுதுகிறீர்கள்? பெயரே இல்லாத தாளில் இப்படி நடக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

மூத்த தாதி

தங்கச்சி, பெயரை விட்டாய், பூக்கடையை எழுதினாய். தேக்காவில் பூ விற்கும் 52 வயதுப் பெண், இப்போது கடை மூடியிருப்பவர் என்றால் எத்தனை பேர்? இங்கே நம் ஆட்கள் கொஞ்சம் பேர்தான். கோயில், கல்யாணம், தமிழ்ப் பள்ளி என்று எங்கேயாவது ஒரு முடிச்சு இருக்கும். சீன நோயாளி ஒருவரைப் பற்றி அதே தாளில் எழுதியிருந்தால் உன் அம்மாவுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

ஆனால் எனக்கு அதைவிடப் பயம் வேறு. படுக்கை நம்பரை மட்டும் எழுதுகிறீர்கள் பாருங்கள், அது. சில வருஷத்துக்கு முன்பு எங்கள் வார்டில் ஒரு மாணவர் 2 மணி பாராமீட்டர் எடுத்துத் தாளில் குறித்தார். 9ஆம் படுக்கை, ரத்த அழுத்தம் 92/54. கணினித் தள்ளுவண்டி எதுவும் காலியாக இல்லாததால் உடனே பதியவில்லை. இடையில் 9இல் இருந்த தாத்தா எழுந்து எழுந்து நடக்கப் பார்த்ததால், கண் பார்வையில் இருக்கட்டும் என்று அவரைத் தாதியர் மேசைக்கு எதிரே 11க்கு மாற்றி, 11இல் இருந்தவரை 9க்குக் கொண்டுவந்தோம். மாணவர் மூன்றரைக்கு வந்து 9ஐத் திறந்து 92/54 என்று பதிந்துவிட்டார்.

புதிதாக 9க்கு வந்தவருக்குக் காலையில் 148. இப்போது 92 என்று திரையில் சிவப்பாக நிற்கிறது. ஓடிப்போய்ப் பார்த்தால் மனிதர் உட்கார்ந்து மைலோ குடித்துக்கொண்டிருக்கிறார். மறுபடி எடுத்தால் 144. அந்த நொடியில்தான் வயிற்றைப் புரட்டியது. 92 பொய் இல்லை, அது யாருடையதோ. 11க்குப் போனால் தாத்தாவின் கை சில்லிட்டு வியர்த்திருக்கிறது, போர்வைக்கு அடியில் கட்டு நனைந்து சிவந்திருக்கிறது. பிழைத்துக்கொண்டார். ஆனால் ஒன்றரை மணி நேரம் அந்த எண் ஒரு பாக்கெட்டில் மடிந்து கிடந்தது.

அதனால் என் பழக்கம் இது. தள்ளுவண்டியைப் படுக்கைக்கே கொண்டு போ, கைப்பட்டையில் பெயரையும் ஐசி நம்பரையும் பார், அங்கேயே தட்டச்சு செய். வண்டி இல்லையென்றால் தாளில் நேரம், படுக்கை, பெயரின் முதல் எழுத்துகள், ஐசியின் கடைசி நான்கு. பதியும்போது மறுபடியும் கைப்பட்டையோடு ஒத்துப்பார். தாமதமாகப் பதிந்தால் எடுத்த நேரத்தைப் போடு, தாமதப் பதிவு என்றும் எழுது. 1:52க்கு எடுத்ததை 2:00 என்று அழகுபடுத்தாதே. தாளில் தப்பினால் ஒற்றைக் கோடு, பக்கத்தில் கையெழுத்து, அழிப்பு மை வேண்டாம்.

வேலை முடிந்து லிஃப்ட் பொத்தானை அழுத்துவதற்கு முன்பு, பூட்டிய கழிவுப் பெட்டி முன்னால் நின்று பாக்கெட் எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் பார்ப்பேன். சட்டைப் பையில் ஒட்டிக்கொண்டிருக்கும் நோயாளி லேபிள் ஸ்டிக்கரைத்தான் எல்லாரும் மறப்பார்கள். அதில் முழுப் பெயரும் முழு ஐசியும் இருக்கும்.

கேலாங் தம்பி

அக்கா சொன்னதில் பாதி தேவையில்லாத பயம். பெயரே வேண்டாம், ஐசியின் கடைசி நான்கு போதும், அதை வைத்து யாரும் யாரையும் கண்டுபிடிக்க முடியாது. 2019 செப்டம்பரிலிருந்து முழு ஐசி நம்பரைக் கேட்கவே கூடாது என்று விதி வந்துவிட்டதே, மருத்துவமனையும் நிறுத்தியிருக்க வேண்டும். நான் கேஸ் ஸ்டடியில் கடைசி நான்கும் வயதும் போட்டுத்தான் சமர்ப்பித்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

எண்கணக்கு

தம்பி, இரண்டு இடத்தில் தப்பு. சட்டம் கேட்கும் இடத்திலும் ஆளைத் துல்லியமாக அடையாளம் காண வேண்டிய இடத்திலும் ஐசி நம்பரை வாங்கலாம். மருத்துவமனை அப்படிப்பட்ட இடம்தான். ஒரே பெயரில் இரண்டு பேர் ஒரே வார்டில் இருந்தால் வேறு எதை வைத்துப் பிரிப்பார்கள்?

இரண்டாவது, கடைசி நான்கு என்பது மூன்று எண், ஓர் எழுத்து. 1968 முதல் இங்கே பிறந்தவர்களுக்கு ஐசியின் முதல் இரண்டு எண் பிறந்த ஆண்டு. 1974இல் பிறந்தவர் என்று தெரிந்தால் எஸ் 74 வந்துவிட்டது. கடைசி மூன்று எண்ணும் எழுத்தும் நீங்களே கொடுத்துவிட்டீர்கள். நடுவில் மிச்சம் இரண்டே எண், 100 வாய்ப்பு. கடைசி எழுத்து மற்ற ஏழு எண்ணிலிருந்து கணக்குப்போட்டு வருவது, அதனால் 100இல் பொருந்துவது பத்துக்கு மேல் இருக்காது. ஒரு தாளும் பேனாவும் போதும். நீங்கள் போட்ட வயது அந்தப் பிறந்த ஆண்டை இரண்டில் ஒன்று என்ற அளவுக்குத் தந்துவிடும். வார்டுக்குள்ளேயே இருந்து அன்றைக்கே அழியும் தாளில் கடைசி நான்கு இருப்பது வேறு, கல்லூரிக் கணினியில் வருஷக்கணக்காகக் கிடக்கும் கேஸ் ஸ்டடியில் இருப்பது வேறு.

ஈசூன் அப்பா

நான் தாதி இல்லை, நோயாளியின் மகன். என் அம்மா ஆறு பேர் இருக்கும் வார்டில். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான். தமிழ் தெரிந்த மாணவி ஒருத்தியை அழைத்து வந்து திரையை இழுத்துவிட்டு, மலம் போனதா, சிறுநீர் கட்டுப்பாடு இருக்கிறதா என்று கேட்கச் சொன்னார்கள். அந்தப் பிள்ளை பணிவாகத்தான் கேட்டது. காது மந்தமான அம்மாவுக்காகச் சத்தமாகக் கேட்டது. அம்மா தயங்கியபோது, திரைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பாட்டி, "நேத்து ராத்திரியும் போகலம்மா, நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்று பதில் சொன்னார். என் அம்மா அன்று முழுக்கப் பேசவில்லை.

மருத்துவர்கள் ஆங்கிலத்தில் பேசும்போது பக்கத்துப் படுக்கைக்குப் புரியாது, தமிழில் கேட்டால் எல்லாத் தமிழ்க் காதுக்கும் கேட்கும். திரை துணிதான், சுவர் இல்லை. வீல்சேரில் குளியலறைப் பக்கம் அழைத்துப் போய்க் கேட்டிருக்கலாம், இல்லை காதருகே குனிந்து கேட்டிருக்கலாம். சரி, இன்னொன்று. அம்மாவின் முழு மருத்துவ அறிக்கையை வார்டில் கேட்டால் தரமாட்டேன் என்கிறார்கள். அதற்கு என்ன வழி?

மூத்த தாதி

அண்ணே, வார்டில் தரமாட்டார்கள். மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில் அம்மாவின் கையெழுத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். திரை விஷயம் நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு. நானும் இத்தனை நாள் திரையை இழுத்தால் போதும் என்று இருந்தவள்தான்.

முதலாமாண்டு

மூத்த தாதி அக்கா, கோபிக்காதீர்கள். தள்ளுவண்டியைப் படுக்கைக்குக் கொண்டு போ என்கிறீர்கள், எங்கள் வார்டில் எனக்குத் தனி லாகின் இல்லை. தாதி ஒருவர் திறந்துவைத்த வண்டியில்தான் அவர் பக்கத்தில் நின்று பதிவேன். அவர் மருந்து கொடுக்கும் வேளையில் வண்டியும் அவரோடு போய்விடும். அப்போது தாள்தானே கதி?

அந்தத் திறந்த வண்டியால்தான் என் பிரச்சினையும். என் பாட்டி அதே மருத்துவமனையில் வேறு மாடியில் இருந்தார். ரத்தப் பரிசோதனை முடிவு என்ன ஆனது என்று வீட்டில் எல்லாரும் தவித்தார்கள். தாதி கழிவறைக்குப் போன இரண்டு நிமிடத்தில் பாட்டியின் பெயரைத் தட்டிப் பார்த்தேன். யாருக்கும் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து அந்தத் தாதியைத்தான் அழைத்து விசாரித்தார்கள், ஏனென்றால் அவருடைய லாகின். எந்த நிமிடம் எந்தப் பக்கம் திறந்தது என்று அச்சடித்து மேசையில் வைத்திருந்தார்களாம். நான் போய் ஒப்புக்கொண்டேன். "என்கிட்ட கேட்டிருந்தா நானே டாக்டரை வந்து பேசச் சொல்லியிருப்பேனே" என்றார் அவர். அதன் பிறகு என் கண்ணெதிரே இரண்டடி நகர்ந்தாலும் திரையைப் பூட்டிவிட்டுத்தான் நகர்வார்.

மூத்த தாதி

லாகின் விஷயத்தில் உன் பக்கம் நியாயம் இருக்கிறது. ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு முறை. ஆனாலும் எண் அசாதாரணமாக இருந்தால் தாளில் எழுதிவிட்டுக் காத்திருக்காதே, வாயால் உடனே சொல். பதிவு அப்புறம் வரட்டும்.

கேலாங் தம்பி

எண்கணக்கு சொன்னதை என் சொந்த ஐசியில் போட்டுப் பார்த்தேன். ஒன்பது வந்தது, அதில் ஒன்று என்னுடையது. கேஸ் ஸ்டடியைத் திரும்ப வாங்கி மாற்றச் சொல்லி விரிவுரையாளருக்கு எழுதியிருக்கிறேன். ஆனால் வயதையும் எடுத்துவிட்டால் கேஸ் ஸ்டடிக்கு என்ன அர்த்தம் என்று இன்னமும் புரியவில்லை.

தாமரைமொட்டு

தம்பி, எனக்கும் அதே சிக்கல், ஏனென்றால் என் கேஸ் ஸ்டடியே அந்த அம்மாதான். வயதை "ஐம்பதுகளில்" என்று மாற்றினேன். தேதிகளை எடுத்துவிட்டு, அறுவைக்குப் பின் 1ஆம் நாள், 2ஆம் நாள் என்று வைத்தேன். பூக்கடையை எடுத்தபோது பயிற்றுநர் தடுத்தார். நாளுக்குப் பத்து மணி நேரம் நின்றுகொண்டே வேலை என்பது காலில் புண் ஆறுவதோடு சம்பந்தப்பட்டது, அது போனால் பராமரிப்புத் திட்டமே பொருந்தாது என்றார். "நின்றுகொண்டே செய்யும் சுயதொழில்" என்று எழுதினேன். மூன்று விரல் என்பதை விட முடியவில்லை, காலணி பற்றிய ஆலோசனை முழுக்க அதில் நிற்கிறது. மகனைப் பற்றிய வரியை எடுத்துவிட்டேன். அது கேஸுக்கு வேண்டியதே இல்லை, தாளுக்கும் வேண்டியிருக்கவில்லை. எழுதாமலேயே எனக்கு ஞாபகம் இருந்திருக்கும்.

அவர் வீடு திரும்பிய அன்று எனக்கு விடுப்பு. மன்னிப்பு கேட்க முடியவில்லை. கடை திறந்துவிட்டது, உயரமான நாற்காலி போட்டு உட்கார்ந்து கட்டுகிறார் என்று அம்மா சொன்னார். அம்மா இப்போது இரண்டு கடை தள்ளிப் பூ வாங்குகிறார்.