பேனலில் 222 வோல்ட், ஆனால் மோட்டார் உறுமிவிட்டு நின்றுவிடுகிறது: கேபிள் காரணமா?

நான்குநேரிக்காரர்:
வீட்டிலிருந்து 180 மீட்டர் தள்ளி, தோட்டத்தில் போர்வெல் இருக்கிறது. 1.5 ஹெச்.பி. சிங்கிள் பேஸ் சப்மெர்சிபிள் மோட்டாரை 60 மீட்டர் ஆழத்தில் இறக்கியிருக்கிறோம். பேனல் வீட்டுச் சுவரில். அங்கிருந்து 2.5 சதுர மி.மீ. செம்பு, மூன்று கோர் கேபிள் போகிறது. காலையில் ஓடுகிறது. மாலையில் உறுமிவிட்டு ஓவர்லோடு விழுகிறது. ரீவைண்டிங் செய்யச் சொல்கிறார்கள். மோட்டாரை மேலே தூக்குவதற்கு முன் கேட்கிறேன்.

வள்ளியூர்க்காரர்:
தூரத்தில் வோல்டேஜ் இறங்குகிறது அண்ணாச்சி. வீட்டில் ஒரு ஸ்டெபிலைசர் வைத்தால் போதும்.

சங்கரன்கோவில் விவசாயி:
எனக்கும் இதே தொல்லைதான். மூன்று பேஸ் மோட்டார்; டிரான்ஸ்பார்மரில் கூட்டம் அதிகமானால் ஓடாது. மனு கொடுத்துப் பாருங்கள்.

பாளையங்கோட்டை எலக்ட்ரீஷியன்:
சங்கரன்கோவில் அண்ணாச்சிக்கு மீட்டருக்கு வரும்போதே வோல்டேஜ் குறைவு, அது வேறு. இங்கே பேனல் காட்டும் 222, கேபிளுக்குள் நுழையும் முன் உள்ள அளவு. மோட்டாரைக் கழற்றிவிட்டு, பேனலை ஆன் செய்து கிணற்றடியில் அளந்தாலும் அதே 222 தான் வரும், ஏனென்றால் கம்பியில் கரண்ட் ஓடவில்லை. காலையில் ஓடும்போது இரண்டு முனையிலும் அளக்கச் சொல்லுங்கள். உயிருள்ள இணைப்பு, தெரிந்த ஆள்தான் திறக்க வேண்டும்.

நான்குநேரிக்காரர்:
அளந்துவிட்டோம். வீட்டில் 224, கிணற்றடியில் 198. கிளாம்ப் மீட்டரில் 10 ஆம்பியர்.

பாளையங்கோட்டை எலக்ட்ரீஷியன்:
கணக்கு பொருந்துகிறது. போக 180, வர 180, மொத்தம் 360 மீட்டர் கம்பி. 2.5 செம்புக்கு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 7.4 ஓம், ஆக 2.7 ஓம். 10 ஆம்பியருக்கு 27 வோல்ட் போய்விடுகிறது. கிணற்றுக்குள் இறங்கும் கேபிளும் 2.5 என்றால் இன்னும் 9. கிளம்பும்போது கரண்ட் பல மடங்கு இழுக்கும், இழப்பும் அப்படியே கூடும். வோல்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் கிளம்பும் முறுக்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். அதனால்தான் உறுமல். ஸ்டெபிலைசர் வீட்டு முனையை உயர்த்தும். கம்பியில் போகும் இழப்பு அப்படியே இருக்கும்.

10 சதுர மி.மீ. செம்பு போட்டால் அந்த 27, சுமார் 7 ஆகிவிடும். 6 போட்டால் 11. பேனலைக் கிணற்றடிக்கு, மழை படாத பெட்டிக்குள் மாற்றினால் நீண்ட தூரத்துக்கு இரண்டு கோரும் எர்த்தும் போதும்; செலவு குறையும்.

வள்ளியூர்க்காரர்:
16 அலுமினியம் போட்டால் மலிவாக முடியுமே?

பாளையங்கோட்டை எலக்ட்ரீஷியன்:
முடியும், இழப்பு 10 செம்புக்குச் சமம். ஆனால் செம்பும் அலுமினியமும் சேரும் இடத்தில் பைமெட்டல் லக் போட வேண்டும். வெறுமனே முறுக்கினால் அந்த இணைப்பு சூடாகிக் கருகும்.

நான்குநேரிக்காரர்:
222 காலையில் பார்த்தது. மாலையில் பேனலிலேயே 205 தான். புது கேபிளில் கிளம்புமா?

பாளையங்கோட்டை எலக்ட்ரீஷியன்:
10 செம்பு போட்டால், கேபிளில் 7, கிணற்றுக்குள் 9 போக, மோட்டாருக்கு ஓடும்போது 189 கிடைக்கும். இப்போது காலையில் ஓடுவதும் ஏறக்குறைய அதில்தான். கிளம்பலாம், உறுதி சொல்ல மாட்டேன். மாலை வோல்டேஜ் மின்வாரியம் பார்க்க வேண்டியது.