ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய்: தரம் பார்த்து விலை வைப்பது எப்படி?

வெள்ளிக்காசு:
விற்பனைக்கு வந்த ஒரு 1918 ரூபாயை முன்னால் வைத்துச் சொல்கிறேன். பொதுவாகக் கிடைக்கும் ஆண்டு, அதனால் எல்லோருக்கும் பயன்படும்.

முதலில் தராசு. புதிதாக வந்தபோது எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். இது 11.58 காட்டியது. புழங்கித் தேய்ந்த காசுக்கு இது இயல்பு. 91.7 சதவீத வெள்ளி என்பதால் முழு எடைக் காசில் சுத்த வெள்ளி 10.69 கிராம் இருக்கும். அதை அன்றைய கிராம் விலையால் பெருக்கினால் அடிவிலை. கிராம் 100 ரூபாய் என்று வைத்தால் சுமார் 1,069. இதற்குக் கீழே விற்க எந்தக் காரணமும் இல்லை. இதற்கு மேலே எவ்வளவு என்பதைத்தான் தரம் சொல்கிறது.

தரத்துக்கு நான் பார்க்கும் வரிசை: காது, மீசை, கிரீடம், கடைசியாக அங்கியில் இருக்கும் யானை. மேடாக நிற்பவை முதலில் தேயும். இந்தக் காசில் மீசை இழைகள் ஒன்றாகக் கலந்துவிட்டன. கிரீடத்துப் பட்டையில் கற்கள் தெரிகின்றன, மேல் வளைவு மழுங்கிவிட்டது. யானையின் உருவம் இருக்கிறது, உள்கோடுகள் இல்லை. இது வி.எஃப், அதாவது ஓரளவு தேய்ந்த நடுத்தரம். யானையின் உள்கோடும் மீசை இழையும் பெரும்பாலும் நின்றிருந்தால் அடுத்த மேல்படியான எக்ஸ்.எஃப் என்று எழுதலாம்.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். பொதுவான ஆண்டில் வி.எஃப் என்பது அடிவிலையைவிடக் கொஞ்சம்தான் அதிகம். விலை துள்ளுவது, ஏறக்குறைய புழங்காத ஏ.யூ.வைத் தாண்டி, புழங்கவே புழங்காமல் பழைய அச்சுப் பளபளப்பு அப்படியே இருக்கும் யு.என்.சி. காசுகளில். அதனால் வி.எஃப்பா எக்ஸ்.எஃப்பா என்று ஒரு மணி நேரம் சண்டை போடுவதைவிட, பளபளப்பு பிழைத்திருக்கிறதா என்று பார்ப்பதே முக்கியம்.

தாமிரபரணி:
அண்ணா, 1945 வரை வந்த ரூபாய் எல்லாமே 91.7 சதவீதம்தானே? எடை 11.66 இருந்தால் போதும், அடிவிலையைக் கணக்குப் போட்டுவிடலாம் என்றுதான் இங்கே கடையில் சொல்கிறார்கள்.

வெள்ளிக்காசு:
எடை சரி, வெள்ளிதான் சரியில்லை தம்பி. 1940 முதல் வந்த ஆறாம் ஜார்ஜ் ரூபாயும் அதே 11.66 கிராம்தான், ஆனால் வெள்ளி 50 சதவீதம். தராசு இரண்டையும் ஒன்றாகவே காட்டும். சுத்த வெள்ளி 5.83 கிராம்தான். விளிம்பைப் பாருங்கள்: இந்த 50 சதவீதக் காசுகளில் கள்ளக்காசைத் தடுக்க விளிம்பின் நடுவே ஒரு பள்ளம் ஓடும். பழைய ரூபாயில் நேரான வெட்டுக்கோடுகள் மட்டும்தான். பெயரையும் ஆண்டையும் படித்த பிறகே பெருக்கலுக்குப் போங்கள்.

காசுமாலை:
மேலே சொன்ன காசில் கழுவியிருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. நம் ஊரில் அதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

இரட்டைக் குழல் விளக்கு வேண்டாம், ஒரே ஒரு பல்பு போதும். காசைச் சாய்த்து மெதுவாகச் சுற்றுங்கள். அசல் பளபளப்பு வண்டிச் சக்கரத்தின் ஆரம் போலக் கூடவே ஓடும். பல்பொடியோ விபூதியோ போட்டுத் தேய்த்த காசில் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வெள்ளையாக மின்னும், ஒளி நகராது. பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் ஒரே திசையில் மெல்லிய கீறல்கள் தெரியும். எழுத்துகளின் இடுக்கில் கறுப்பு, வெற்றிடத்தில் வெள்ளை என்று இருந்தாலும் சந்தேகப்படுங்கள். புளியும் எலுமிச்சையும் கீறாது, ஆனால் மேற்பரப்பை அரித்து மந்தமாக்கிவிடும்.

அடுத்தது வளையம். ரூபாயை மாலையில் கோப்பது வழக்கம் என்பதால், பற்றவைத்த வளையத்தை வெட்டி அரம் போட்ட காசுகள் நிறைய வருகின்றன. 12 மணி நிலையிலோ 6 மணி நிலையிலோ விளிம்பைச் சுற்றி விரல் நகத்தை ஓட்டினால், வெட்டுக்கோடு ஓரிடத்தில் மறைந்து வழவழப்பாகும். அங்கே நிறமும் சற்று மாறியிருக்கும். முன்பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது வெள்ளி விலைக்குத்தான் போகும். விற்கிறவர் இதைப் படத்தோடு எழுத வேண்டும், இல்லாவிட்டால் காசு திரும்பி வரும்.

புது வரவு:
எல்லோருக்கும் வணக்கம். தாத்தாவின் நோட்டில் 1948 காந்தி தபால்தலைகள் நான்கும் ஒட்டியிருக்கின்றன, பத்து ரூபாயும் உண்டு. முத்திரை விழவில்லை. தண்ணீரில் ஊறவைத்து எடுத்துவிட்டால் எக்ஸ்.எஃப் என்று போடலாமா?

தபால்தலைப் பெட்டி:
நோட்டை அப்படியே வைங்க, தண்ணீர் படவே வேண்டாம். இது நாணயத் தரம் அல்ல, வேறு கணக்கு. 1948 ஆகஸ்ட் 15-இல் வந்த ஒன்றரை அணா, மூன்றரை அணா, பன்னிரண்டு அணா, பத்து ரூபாய் என்ற அந்தத் தொகுப்பில், முத்திரை விழாத தலைக்கு விலையின் பெரும்பகுதி பின்பக்கத்துப் பசையில்தான் இருக்கிறது. தண்ணீர் பட்டால் பசை போய்விடும். முத்திரை விழுந்த தலையாக இருந்தால்தான் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து எடுக்கலாம்.

எதனால் ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். மேல்பக்கம் மட்டும் மடித்த சிறு காகிதத்தால் ஒட்டியிருந்தால், அந்தக் காகிதத்தைக் கவனமாக மடக்கித் தலையை நிமிர்த்திப் பின்பக்கம் பார்க்கலாம். பசை பெரும்பாலும் நிலைத்திருக்கும், தடம் மட்டும் விழும். அதற்கு விலை குறையும், ஆனால் மதிப்பு உண்டு. கோந்தால் முழுக்க ஒட்டியிருந்தால், காகிதத்தோடு விற்பதே நல்லது.

பத்து ரூபாய்க்குப் போலி அதிகம். சுவிட்சர்லாந்தின் கூர்வாசியே அச்சகம் போட்டோகிராவ்யூர் முறையில் அடித்தது. லென்ஸில் நிறம் நுண்ணிய, ஒழுங்கான வலையாகத் தெரியும். ஆஃப்செட்டில் அடித்த போலியில் பல நிறப் புள்ளிகள் பூப்போல வட்டமாகச் சேர்ந்திருக்கும். ஓரப் பற்கள் இரண்டு சென்டிமீட்டருக்கு 11½ என்ற அளவில் இருக்க வேண்டும், பல் அளவுகோல் வைத்துப் பாருங்கள்.

காசுமாலை:
பசையை மறுபடி பூசியிருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

தபால்தலைப் பெட்டி:
பல்நுனிதான் காட்டிக்கொடுக்கும். அசலில் தாளைக் கிழித்த இடத்தில் இழைகள் பஞ்சுபோல நிற்கும். மறுபடி பூசியதில் பசை நுனி வரை ஊறி, பற்கள் விறைப்பாகிவிடும், விரல் நுனியால் தடவினால் சொரசொரக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மெலிந்த இடமும் தெரியும். நம் ஈரப்பதத்தில் பழுப்புப் புள்ளியும் வரும், அது வந்த தலைக்கு நான் பாதி விலைகூடச் சொல்ல மாட்டேன்.

தாமிரபரணி:
மறுபடி காசுக்கு வருகிறேன். கறுத்த எக்ஸ்.எஃப் காசை வெள்ளி டிப் என்ற கறுப்பு நீக்கும் திரவத்தில் ஒரு நொடி முக்கி எடுத்தால் விலை கூடாதா?

வெள்ளிக்காசு:
எனக்கு உடன்பாடில்லை. டிப்பில் அமிலமும் தயோயூரியாவும் இருக்கின்றன, கறுப்போடு வெள்ளியின் மேல்தோலையும் கொஞ்சம் எடுத்துவிடும். ஓரிருமுறை செய்தாலே சக்கர ஒளி மங்கும். பிளாஸ்டிக் ஆல்பத்தில் இருந்து பச்சைப் பிசுக்கு ஒட்டியிருந்தால் மட்டும் சுத்த அசிட்டோனில் ஊறவையுங்கள், தேய்க்காதீர்கள். அது வெள்ளியைத் தொடாது. நகப்பூச்சு அகற்றும் திரவம் வேண்டாம், அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும்.

காசுமாலை:
எனக்கு வேறு அனுபவம். சீரான கருமை உள்ள காசை விட்டுவிடலாம், ஆனால் ரப்பர் பேண்டு சுற்றி வைத்ததால் திட்டுத்திட்டாகக் கறுத்தவற்றை டிப்பில் முக்கி எடுத்த பிறகே வாங்குபவர்கள் கையில் எடுக்கிறார்கள். முக்கி எடுத்ததை எழுதிவிட்டு விற்கிறேன், புகார் வந்ததில்லை.

வெள்ளிக்காசு:
எழுதினால் வாங்குபவர் விருப்பம். ஆனால் தரச்சான்று நிறுவனத்துக்கு அனுப்பும்போது, கண்ணில் படும் அளவுக்குச் சுத்தம் செய்த காசு என்று தெரிந்தால் தர எண் தராமல் ‘டீடெயில்ஸ்’ என்று மட்டும் போடுவார்கள். 1918-க்கு அந்தக் கட்டணமே காசின் விலையைத் தாண்டலாம். 1911 ரூபாயாக இருந்தால் கணக்கு வேறு. யானையின் தும்பிக்கை பன்றி மூக்குப் போலத் தெரிகிறது என்று ஆட்சேபம் எழுந்து, 1912-இல் அச்சு மாற்றப்பட்டது அல்லவா, அந்தக் காசை முக்காமல் அப்படியே அனுப்புங்கள்.