பழைய வேலையா, சோலார் வயரிங்கா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம். ஹட்டன் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் 10 வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்தேன். போன வாரம் திடீரென்று மூடிவிட்டார்கள்.

பணிக்கொடை வருஷத்துக்கு அரை மாதச் சம்பளம். 60,000 சம்பளத்துக்கு 3 லட்சம். அது 30 நாளைக்குள் வர வேண்டும். ஈ.பி.எஃப். 55 வயதில்தான், ஈ.டி.எஃப். இப்போதே கேட்கலாம். வீட்டுச் செலவு மாதம் 70,000, ஆக நான்கு மாதம் தாங்கும்.

தலவாக்கலையில் இன்னொரு ஃபேக்டரி அதே சம்பளத்துக்குக் கூப்பிடுகிறது, குவாட்டர்ஸும் உண்டு. ஆனால் கொழுந்து வரத்து குறைந்து, அங்கேயும் வாரத்தில் பாதி நாள்தான் மெஷின் ஓடுகிறதாம். எனக்கு அதுதான் பயம்.

மற்றது, அனுபவத்தை வைத்து என்.வி.கியூ. 4 எடுத்து சோலார் வேலைக்குப் போவது. அப்படி எடுத்தவர்கள் இருக்கிறீர்களா? மதிப்பீட்டுக்கு எவ்வளவு நாள் காத்திருந்தீர்கள்? மழை மாதங்களில் வேலை கிடைக்கிறதா?