மாத்திரை போட்டும் ரிப்போர்ட்டில் எண் இறங்கியது, பிறகு கால் வீங்கியது. உங்களில் யாருக்காவது?

கெடிலக்கரை

இரண்டு மாதமாக மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். என்ன மாத்திரை போட்டேன் என்று இங்கே பலருக்குச் சொல்லாமலே தெரியும். மெடிக்கலில் சீட்டு இல்லாமல் கிடைக்கும் கருத்தடை மாத்திரைதான். உடம்பு பெண்ணாக மாற, எனக்கு முன்னால் இருந்த திருநங்கை அக்காக்கள் எல்லாரும் அதில்தான் ஆரம்பித்தார்கள்.

தினம் இரண்டு போட்டேன். ஆரம்பிக்கும் முன் பாண்டியில் ஒரு லேபில் எஸ்ட்ரடயால் என்ற பெண் ஹார்மோனைப் பார்த்தபோது 27. நான்கு மாதம் கழித்து அதே லேபில் 12. ஏற வேண்டியது இறங்கியிருந்தது. மார்பில் மொட்டு விட்டதுபோல் லேசான வலி, அவ்வளவுதான். தாடி அப்படியே, குரல் அப்படியே. மருந்து என் உடம்பில் ஒட்டவில்லை என்று முடிவு செய்து நான்காக்கினேன்.

ஐந்து வாரம் போனது. ஒரு விசேஷத்துக்காகக் கோயம்புத்தூர் போய், இரவு முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்தே கடலூர் திரும்பினேன். மறுநாள் இடது கெண்டைக்காலில் இழுத்துப் பிடிப்பதுபோல் வலி. தையல் வேலை செய்கிறவள் நான், மிஷின் மிதித்த வலி என்று விட்டுவிட்டேன். அம்மா (பெற்றவள் இல்லை, என்னை மகளாக எடுத்தவள்) எண்ணெய் காய்ச்சி நீவிவிட்டாள். மூன்றாம் நாள் மிஷினில் உட்கார்ந்தபோதுதான் பொறி தட்டியது. என்னுடையது மோட்டார் மிஷின். வலது காலால்தான் மிதிக்கிறேன். வேலையே செய்யாத கால் ஏன் வலிக்க வேண்டும்?

கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கியது. முட்டிக்குக் கீழே நான்கு விரல் தள்ளி இரண்டு காலையும் அளந்தேன். வலது பதின்மூன்றரை, இடது பதினைந்து. அந்த ஒன்றரை இஞ்சைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. ஒரு பிளவுஸில் அந்த வித்தியாசம் வந்தால் துணியே வீண்.

அன்றே டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள். காலின் ஆழத்தில் ஓடும் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி. டாக்டரம்மா அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்த டெஸ்ட் நீ போடுற மாத்திரையைப் பார்க்கவே பார்க்காதும்மா" என்றார். அது எப்படி என்று இன்றுவரை சரியாகப் புரியவில்லை. யாருக்காவது தெரியுமா?

வில்லியனூர் மல்லி

உடம்பைப் பார்த்துக்கோ அக்கா. ஆனால் நான் முதல் நாளிலிருந்து சொல்வது இதுதான், மாத்திரையே வேண்டாம், ஊசிதான் நல்லது. வாய் வழியாகப் போனால் முதலில் கல்லீரலுக்குத்தான் போகும், அங்கேதான் ரத்தம் கட்டுவதற்கான சரக்கெல்லாம் உற்பத்தி ஆகிறது. எனக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி. போட்ட மறுநாள் டெஸ்ட் எடுத்தேன், 610 வந்தது. அந்தத் தாளைப் பார்த்து அழுதுவிட்டேன். ஊசிக்கு மாறினால் உனக்கும் ஏறும்.

ஊசுட்டேரி

பாண்டியில் தனியார் லேபில் பதினொரு வருடமாக டெக்னீஷியன். கெடிலக்கரை எழுதியதைப் படித்து வயிறு கலங்கியது. உங்களைப்போல ஒரு பெண் போன வருடம் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏன் அண்ணா இன்னும் ஏறலை?" என்று கேட்டாள். என்ன மருந்து எடுக்கிறாய் என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. "டாக்டரிடம் காட்டும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவளுக்கு டாக்டரே இல்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. அந்த முகம்தான் இப்போதும் வருகிறது.

கேட்டதற்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மாலா-டி போன்ற கருத்தடை மாத்திரையில் இருப்பது எதினைல் எஸ்ட்ரடயால், ஒரு மாத்திரையில் 0.03 மில்லிகிராம். உடம்பு தானாகச் சுரக்கும் எஸ்ட்ரடயாலில் ஒரு சின்ன வால் ஒட்டவைத்ததுபோல் அது. எங்கள் மெஷினில் இருக்கும் ஆன்டிபாடி எஸ்ட்ரடயாலை மட்டும்தான் அடையாளம் கண்டு பிடிக்கும். வால் ஒட்டியதை அதற்கு ஆள் தெரியாது. நான்கு போட்டாலும் எட்டு போட்டாலும் எண் ஏறாது.

இறங்கியது ஏன்? முதலில் வந்த 27 உங்கள் உடம்பின் சொந்தச் சரக்கு. ஆண் உடம்பில் டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பங்கு எஸ்ட்ரடயாலாக மாறிக்கொண்டே இருக்கும். மாத்திரை உள்ளே போனதும் மூளை டெஸ்டோஸ்டிரோன் சுரப்பைக் குறைத்துவிட்டது, அதோடு இதுவும் குறைந்தது. ஆக 12 என்பது மருந்து வேலை செய்ததற்கான அடையாளம். அன்று கூடவே டெஸ்டோஸ்டிரோனும் பார்த்திருந்தால் அது சரிந்திருப்பது தெரிந்திருக்கும். எஸ்ட்ரடயால் மட்டும் எடுத்துப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போதெல்லாம் மனசு கேட்பதில்லை.

அந்த வால்தான் கல்லீரல் அதைச் சீக்கிரம் உடைக்க முடியாமலும் செய்கிறது. அதனால் ரத்தம் உறையவைக்கும் புரதங்களைக் கல்லீரல் கூடுதலாகத் தயாரிக்கிறது. ஆம்ஸ்டர்டாமில் திருநங்கைகளைப் பல வருடம் பார்த்துவந்த மருத்துவர்கள் இந்த மருந்தில் ரத்தக்கட்டி அதிகம் வருவதைக் கண்டு இதை விட்டே விலகினார்கள். இன்று ஹார்மோன் பார்க்கும் டாக்டர்கள் எழுதுவது எஸ்ட்ரடயால் வாலரேட் மாத்திரை, ஜெல், அல்லது ஊசி. இவை உடம்பில் எஸ்ட்ரடயாலாகவே ஓடுவதால் டெஸ்டில் தெரியும்.

மல்லி, கல்லீரல் பற்றி நீங்கள் சொன்னது பாதி சரி. தோல் வழியாகப் போவது நல்லது என்பதற்குக் காரணம் அதுதான். ஆனால் எதினைல் எந்த வழியில் போனாலும் கல்லீரலை விடாது. அப்புறம் அந்த 610. ஊசி போட்ட மறுநாள் எடுத்தால் யாருக்கும் மலை உச்சிதான் வரும். அடுத்த ஊசிக்கு முந்தின நாள் எடுத்துப் பாருங்கள், 70 கூட வரலாம். டாக்டர்கள் எதிர்பார்ப்பது எஸ்ட்ரடயால் 100 முதல் 200 வரை, டெஸ்டோஸ்டிரோன் 50-க்குக் கீழே. 610 வந்தால் மார்பு வேகமாக வளரும் என்று யாரும் காட்டியதில்லை. ரத்தக்கட்டி பயம்தான் கூடும்.

வில்லியனூர் மல்லி

என் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லையே அண்ணா.

ஊசுட்டேரி

எந்த நாள் எடுத்தது என்று அவரிடம் சொன்னீர்களா? தாளில் ரத்தம் எடுத்த தேதி இருக்கும், ஊசி போட்ட தேதி இருக்காது.

பண்ருட்டிக்காரி

கால் வீக்கம் எனக்கும் வந்தது. எனக்கு ஸ்பைரனோலாக்டோன் கொடுத்தார்கள், டெஸ்டோஸ்டிரோனைத் தடுக்க. அது நீர் பிரியவைக்கும் மாத்திரை, வீக்கம் தானாக வடியும். கெடிலக்கரை, உன் டாக்டரிடம் அதைக் கேள்.

ஆனால் ஒன்று, நான் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன். இந்த மாத்திரை பொட்டாசியத்தை உடம்பிலேயே நிறுத்திவிடும். எனக்கு யாரும் சொல்லவில்லை, சித்திரை வெயிலுக்கு தினம் மூன்று இளநீர் குடித்தேன். இளநீர் முழுக்க பொட்டாசியம். ஒரு நாள் மாடிப்படி ஏறும்போது தொடை துவண்டு நடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். டெஸ்டில் 5.9. உடனே ஈசிஜி எடுத்து, படுக்கவைத்துப் பார்த்துக்கொண்டார்கள். நெஞ்சுத் துடிப்பையே தடுமாற வைக்குமாம். அதனால் இளநீர் வேண்டாம், வாழைப்பழம் ஒன்றோடு நிறுத்து, டயட் உப்பு என்று விற்பதைத் தொடாதே, அதிலும் பொட்டாசியம்தான். மாத்திரை ஆரம்பித்த சில வாரத்திலேயே பொட்டாசியமும் கிரியேட்டினினும் பார்க்கச் சொல். எனக்குப் பார்த்தது ஆறாம் மாதம்.

கெடிலக்கரை

அக்கா, அன்பாகச் சொல்கிறீர்கள். ஆனால் எனக்கு வந்தது நீர் வீக்கம் இல்லை, கட்டி. நீர் மாத்திரை போட்டால் வடியாது. இரண்டு காலும் சேர்ந்து வீங்குவது வேறு, ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலிப்பது வேறு என்று டாக்டரம்மா படம் வரைந்து காட்டினார். வித்தியாசம் மூன்று சென்டிமீட்டரைத் தாண்டினால் காத்திருக்கக் கூடாது என்றார், எனக்குக் கிட்டத்தட்ட நான்கு. மூச்சு வாங்கினாலோ நெஞ்சு குத்தினாலோ கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம், அந்த நிமிடமே 108-ஐக் கூப்பிட வேண்டும். எண்ணெய் போட்டு நீவியதைக் கேட்டுத்தான் அவர் அதிகம் பயந்தார். அதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை.

முத்தியால்பேட்டை தாயம்மா

பிள்ளைகளா, இதைப் படித்துவிட்டு எல்லா மருந்தையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எனக்கு நிர்வாணம் ஆகி, அதாவது விதை எடுக்கும் ஆபரேஷன் முடிந்து, இருபது வருடம் தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு மாத்திரை தொட்டதில்லை, அதுதான் எனக்குப் பெருமை. போன ஐப்பசியில் ஈரத் தரையில் கை ஊன்றி விழுந்தேன். லேசாகத்தான் விழுந்தேன், மணிக்கட்டு முறிந்துவிட்டது. எனக்கு வயது 46. எலும்பு ஸ்கேன் எடுத்த டாக்டர், "உங்க எலும்பு எழுபது வயசுப் பாட்டி எலும்பு" என்றார். விதை எடுத்த பிறகு உடம்பில் ஆண் சுரப்பும் இல்லை, பெண் சுரப்பும் இல்லை, எலும்பைக் காக்க எதுவுமே இல்லையாம். ஆபரேஷன் ஆனவர்களுக்கு ஆண் சுரப்பைத் தடுக்கும் மாத்திரைதான் தேவையில்லை, ஈஸ்ட்ரோஜன் அளவாகத் தேவை. இதை எனக்கு அன்றைக்கு யாரும் சொல்லவில்லை, நானும் என் மகள்கள் ஒருத்திக்கும் சொல்லவில்லை. ஒன்பது பேர்.

ஊசுட்டேரி

தாயம்மா, 46 வயதில் புதிதாக ஆரம்பிப்பதைப் பற்றி டாக்டர் என்ன சொன்னார்?

முத்தியால்பேட்டை தாயம்மா

ஒருவர் தரலாம் என்கிறார். இன்னொருவர் நான் புகைத்த வருடங்களைக் கணக்குப் பார்த்து யோசிக்கிறார். பீடியை விட்டு நான்கு மாதம் ஆகிறது. பார்ப்போம்.

நோணாங்குப்பம் படகு

இன்னும் ஆரம்பிக்கவில்லை, வயது 24. எவ்வளவு நாளில் என்ன மாறும் என்று யாராவது உண்மையாகச் சொல்லுங்கள். குழந்தை விஷயமும்.

கெடிலக்கரை

இதை முன்னாடியே கேட்டிருந்தால் நான் நான்காக்கியிருக்க மாட்டேன். டாக்டரம்மா சொன்னது: மார்பு மூன்று முதல் ஆறு மாதத்தில் மொட்டு விடும், முழுதாக வர இரண்டு மூன்று வருடம். அதாவது எனக்கு நான்காம் மாதம் வந்த அந்த வலி சரியான நேரத்தில்தான் வந்திருக்கிறது. தோல் மிருதுவாவதும் இடுப்பில் சதை போடுவதும் அதே கணக்கு. தாடி மெதுவாக வளரும், ஆனால் போகாது, அதற்கு லேசர் தனி. குரல் எந்த மாத்திரைக்கும் மாறாது. விந்து குறையும், விட்டாலும் திரும்பும் என்ற உறுதி இல்லை, ஆகவே பிள்ளை ஆசை இருந்தால் சேமித்துவிட்டு ஆரம்பி. ரத்த டெஸ்ட் முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை.

வில்லியனூர் மல்லி

அண்ணா, அடுத்த ஊசிக்கு முந்தின நாள் எடுத்தேன். எஸ்ட்ரடயால் 58, டெஸ்டோஸ்டிரோன் 190. வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கிறேன், இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு.

கெடிலக்கரை

ரத்தம் இளக்கும் மாத்திரை குறைந்தது மூன்று மாதம், இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அதன் பிறகு ஜெல்லாக ஆரம்பிக்கலாமா என்று ரத்த டாக்டரும் ஹார்மோன் டாக்டரும் பேசி முடிவு செய்வார்களாம். ஜெல் விலையை விசாரித்தேன், ஒரு மாதத்துக்கு நான்கு பிளவுஸ் கூடுதலாகத் தைக்க வேண்டும். இன்று காலை அளந்தேன். வலது பதின்மூன்றரை, இடது பதினான்கு.